போர்ச்சிலிருந்து கேட் வரை: லிப்-லப் விளக்கு போடுபவர்களுக்கு

போன தீபாவளிக்கு முந்தின நாள் மாலை ஏழு மணி. ஜெலுத்தோங்கில் எங்கள் டெரஸ் வீட்டில் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது, வெளியே மழை கொட்டுகிறது, திடீரென்று வீடு முழுக்க இருட்டு. டிபி பாக்ஸில் விழுந்து கிடந்த சுவிட்சைத் தூக்கினால் நிற்கவில்லை. தூக்கத் தூக்க விழுந்தது. அடுத்த வரிசையில் இருக்கும் வயர்மேன் அண்ணன் குடையோடு வந்து, வெளியே லிப்-லப் விளக்குக்குப் போகிற பிளக்கை உருவினார். சுவிட்ச் நின்றது. அப்புறம் கேட்டுக்குப் பக்கத்தில் நான் கறுப்பு டேப் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் பை கட்டியிருந்த இணைப்பைப் பிரித்தார். பைக்குள்ளிருந்து ஒரு தேக்கரண்டி தண்ணீர் வழிந்தது.

அதைவிட என்னைக் கலங்க வைத்தது வேறு விஷயம். இரண்டு நாளுக்கு முன் என் மகள், "அம்மா, கேட்டைத் தொட்டா சுருக்குன்னு இருக்கு" என்று சொல்லியிருந்தாள். வெயில் சூடாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். காலில் செருப்பு இருந்ததால் சுருக்கோடு போயிற்று. அண்ணன் எங்கள் டிபி பாக்ஸைக் காட்டி, "தங்கச்சி, இதுல இருக்கிற ஆர்சிசிபி ஆளைக் காப்பாத்தாது, வீட்டை மட்டும்தான் காப்பாத்தும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. போர்ச் உள்ள தரை வீட்டில், கேட் வரை விளக்கு இழுக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பிளாட்டில் பால்கனிக்குள் ஒரு செட் மாட்டுகிறவர்களுக்கு 2, 3 மட்டும் படித்தால் போதும்.

1. கடைக்குப் போகும் முன் டிபி பாக்ஸைத் திறந்து பாருங்கள்

மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில், டெஸ்ட் என்று எழுதிய சின்ன பொத்தானோடு இருப்பதுதான் ஆர்சிசிபி. உள்ளே போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எங்காவது கசிந்தால் கீழே விழும். எவ்வளவு கசிந்தால் விழும் என்பதுதான் கேள்வி. அதன் முகப்பில் சின்ன எழுத்தில் 0.1 அல்லது 0.03 என்ற எண்ணும் பக்கத்தில் ஆம்பியரைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். பக்கத்தில் 40 அல்லது 63 என்று பெரிதாக இருப்பது வேறு எண், அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

0.1 என்றால் 100 மில்லி ஆம்பியர். ஈரக் காலோடு நிற்கும் ஒருவர் உடம்பில் அதைவிடக் குறைந்த மின்சாரம் பாய்ந்தாலே உயிர் போகலாம், அதுவரை அந்த சுவிட்ச் சும்மா இருக்கலாம். 0.03, அதாவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான் ஆளுக்குப் பாதுகாப்பு. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு 0.1 தான் இருந்தது. சில வீடுகளில் பிளக் பாயின்ட்டுகளுக்கு 0.03, விளக்குகளுக்கு 0.1 என்று இரண்டு இருக்கும். அப்படி இருந்தால் வெளியே போகும் மின்சாரத்தை 0.03 காக்கிற பாயின்ட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். எந்தப் பாயின்ட் எதில் என்று தெரியாவிட்டால் 0.03 சுவிட்சை இறக்கிப் பாருங்கள், எந்தப் பாயின்ட் செத்துப்போகிறதோ அதுதான்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: போர்ச் கூரை விளக்கின் பல்பைக் கழற்றி, ஹோல்டரில் சாக்கெட் மாட்டி, அதிலிருந்து விளக்குக்கு மின்சாரம் எடுப்பது. சுலபம்தான். ஆனால் அது லைட் லைன், பெரும்பாலும் 0.1 பக்கம். எர்த்தும் வராது.

டெஸ்ட் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கம்ப்யூட்டரை முதலில் அணைத்துவிடுங்கள். அழுத்தியதும் 'டக்' என்று விழ வேண்டும். விழவில்லை என்றால் விளக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் அதை மாற்றுங்கள்.

நான் மெயினையே 0.03 ஆக மாற்றிவிடலாமா என்று கேட்டேன். அண்ணன் வேண்டாம் என்றார். பழைய ஐஸ்பெட்டி, ஏர்கோன், வாஷிங் மெஷின் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கசியும், அது சேர்ந்து அடிக்கடி விழும். அதற்குப் பதிலாக போர்ச் சுவரில் மூடியுள்ள மழைக்காப்பு சாக்கெட் ஒன்றும், அதற்கு மட்டும் தனியாக 0.03 பாதுகாப்பும் போட்டுக் கொடுத்தார். எனக்கு ஆன செலவு சாமான், கூலி எல்லாம் சேர்த்து 350 ரிங்கிட். உங்கள் வீட்டில் டிபி பாக்ஸ் தூரமாக இருந்தால் கூடும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பிளக் பாயின்ட்டில் செருகி அதே வேலையைச் செய்யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி அடாப்டர் வாங்கலாம். நான் விசாரித்தபோது 60 முதல் 90 ரிங்கிட் வரை சொன்னார்கள்.

வேலை செய்கிறவரிடம் சுருஹான்ஜாயா தெனாகாவின் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான வயர்மேன் கோபப்படமாட்டார், எடுத்துக் காட்டுவார். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவையுங்கள். கடைசி வாரத்தில் போன் அடித்தால் "பெருநாள் முடியட்டும் தங்கச்சி" என்பார்.

2. விளக்கு வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள், பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

நான் லெபோ பசார் பக்கம் லிட்டில் இந்தியாவில்தான் வாங்குவேன். அங்கே எல்லாக் கடையிலும் விளக்கு எரிந்துகொண்டு அழகாகத்தான் இருக்கும். பெட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டியது மூன்று.

முதலாவது சிரிம் லேபிள். பிளக், எக்ஸ்டென்ஷன், அடாப்டர் எதை வாங்கினாலும் அந்த லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். எத்தனை செட் சேர்க்கலாம் என்பது அந்தப் பெட்டியில் மட்டும்தான் எழுதியிருக்கும், அடுத்த வருஷம் தேடுவீர்கள்.

இரண்டாவது ஐபி எண். ஐபி 44 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். ஐபி 65 என்றால் குழாய்த் தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். ஐபி 20 என்றால் தண்ணீருக்குப் பாதுகாப்பே இல்லை. வீடு போன்ற சின்னப் படம் போட்டிருந்தால், வீட்டுக்குள் மட்டும் என்று அர்த்தம். ஒரு தந்திரம் கவனியுங்கள்: ஐபி 65 என்பது பெரும்பாலும் பல்புகள் இருக்கிற நீளத்துக்கு மட்டும்தான். எட்டு விதமாக மின்ன வைக்கும் அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியும், பிளக்கும், வால் பக்கம் இருக்கும் சாக்கெட்டும் அந்தக் கணக்கில் வராது. தண்ணீர் உள்ளே போவது அங்கேதான்.

மூன்றாவது, நேராக 230 வோல்ட்டில் ஓடுகிற செட்டா, அடாப்டர் வைத்து 24 அல்லது 31 வோல்ட்டாகக் குறைத்து ஓடுகிற செட்டா என்பது. இரும்பு கேட், கிரில், கொடிக்கம்பி எதில் கட்டுவதாக இருந்தாலும் குறைந்த வோல்ட் செட்டையே வாங்குங்கள். வயர் கிழிந்து கேட்டில் பட்டாலும் கேட்டில் வருவது 31 வோல்ட்தான், 230 இல்லை. பத்து மீட்டர் சாதாரண செட்டுக்கு நான் 15 ரிங்கிட் கொடுத்தேன், அடாப்டர் உள்ளது 38. அந்த வித்தியாசம் ஒரு கிலோ முறுக்கு விலைகூட இல்லை.

3. இரண்டு கால் பிளக்குக்காக சாக்கெட்டைப் பேனாவால் குத்தித் திறக்காதீர்கள்

நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். மூன்று ஓட்டை சாக்கெட்டின் மேல் ஓட்டையில் பேனாவையோ ஸ்க்ரூ டிரைவரையோ விட்டுக் கதவைத் திறந்து, கீழே இரண்டு கால் பிளக்கை அழுத்திவிடுவது. நானும் இருபது வருஷம் செய்தேன்.

அது இறுக்கமாக நிற்காது, தளர்ந்தால் சூடாகும் என்பது ஒரு பக்கம். பெரிய விஷயம் ஃபியூஸ். மூன்று கால் பிளக்கின் உள்ளே ஒரு ஃபியூஸ் இருக்கும், வயர் கெட்டால் அது அறுந்து காப்பாற்றும். இரண்டு காலில் அது கிடையாது. அப்படியானால் அந்த நூல் மாதிரி வயரைக் காப்பது யார்? டிபி பாக்ஸில் இருக்கும் 20 அல்லது 32 ஆம்ப்ஸ் சுவிட்ச். அது சுவருக்குள் ஓடும் தடித்த வயருக்காக வைத்தது. லிப்-லப் வயர் உருகிப் புகைந்தாலும் அதற்கு அது பெரிய சுமையாகவே தெரியாது.

மூன்று கால் பிளக்கோடு வரும் செட் கிடைத்தால் அதை வாங்குங்கள். இல்லையென்றால் உள்ளே 3 ஆம்ப்ஸ் ஃபியூஸ் உள்ள மாற்று பிளக் வாங்கி, அதற்குள் இரண்டு காலை அடைத்து மூடி, பிறகு செருகுங்கள். எனக்கு ஒன்று 7 ரிங்கிட். 13 ஆம்ப்ஸ் ஃபியூஸ் போட்டுத் தந்தால் மாற்றச் சொல்லுங்கள், விளக்குக்கு 3 தாராளம்.

4. எத்தனை செட், எந்த எக்ஸ்டென்ஷன்

"அதிகம் போட்டா டிரிப் ஆகும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். எல்இடி விஷயத்தில் அது பாதி உண்மைதான். என் கணக்கையே தருகிறேன். ஒரு செட் 6 வாட்ஸ். எட்டு செட் போட்டேன், 48 வாட்ஸ். 230 ஆல் வகுத்தால் சுமார் 0.2 ஆம்ப்ஸ். ஒரு மின்விசிறி அளவுகூட இல்லை. எக்ஸ்டென்ஷன் 13 ஆம்ப்ஸ், அதாவது ஏறக்குறைய 3000 வாட்ஸ் தாங்கும்.

அப்படியானால் எதற்கு பெட்டியில் "மூன்று செட்டுக்கு மேல் சேர்க்காதீர்கள்" என்று போடுகிறான்? வாலோடு வால் சேர்க்கும்போது எட்டு செட்டுக்கும் போகும் மின்சாரம் முதல் செட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே இருக்கிற சின்னச் சின்ன உறுப்புகள் மூன்று செட்டுக்காக அளந்து வைத்தவை. முதல் பெட்டி சூடாகும், மணம் வரும், ஒரு நாள் பிளாஸ்டிக் இளகும். பழைய அரிசி பல்பு செட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் ஒரு செட்டே 40 வாட்ஸ் வரை இழுக்கும். எட்டு சேர்த்தால் 320 வாட்ஸ், 1.4 ஆம்ப்ஸ், அத்தனையும் அந்த நூல் வயரில். எல்இடியையும் அரிசி பல்பையும் ஒரே வரிசையில் கலக்கவே வேண்டாம்.

எட்டு செட் வேண்டுமென்றால் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து, மூன்று பிளக்காகப் போர்ச்சுக்குக் கொண்டுவாருங்கள். அரை மணி நேரம் எரியவிட்டு, பிளக்கை உருவிவிட்டு, ஒவ்வொரு பெட்டியையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை எடுக்கத் தோன்றினால் அந்த செட்டைப் போடாதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் உண்மையில் எரிவது விளக்கால் இல்லை, பலகாரத்தால். போர்ச்சில் விளக்குக்காக எக்ஸ்டென்ஷன் இழுத்தவுடன் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பிளக் கிடைத்த மாதிரி. மாமியார் இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகுவார், 2100 வாட்ஸ். யாரோ தேத்தண்ணிக்கு கெட்டில் செருகுவார்கள், 2000. இரண்டும் சேர்ந்தால் 4100 வாட்ஸ், கிட்டத்தட்ட 18 ஆம்ப்ஸ். பிளக்கில் 13 ஆம்ப்ஸ் ஃபியூஸ் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அது 18இல் உடனே அறுந்துவிடாது, அரை மணி நேரத்துக்கு மேலும் பொறுத்துக்கொள்ளும். அதற்குள் பிளக் கருகும். சுருட்டி வைத்த சக்கர எக்ஸ்டென்ஷன் என்றால் இன்னும் மோசம், உள்சுற்றின் சூட்டுக்குப் போக வழியில்லை. சக்கரத்தை முழுக்க அவிழ்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். நான் விளக்கு எக்ஸ்டென்ஷனின் மிச்ச ஓட்டைகளில் டேப் ஒட்டி "விளக்குக்கு மட்டும்" என்று எழுதி வைத்துவிட்டேன். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை.

5. இணைப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாம்

முதல் விதி, வெளியே இணைப்பே இல்லாமல் பார்ப்பது. எங்கள் போர்ச் சாக்கெட்டிலிருந்து கேட்டின் தொலைவு ஆறு மீட்டர். முன்பு ஐந்து மீட்டர் செட்டுகளை வாலோடு வால் இணைத்தேன், கேட் பக்கத்தில் இரண்டு இணைப்பு மழையில். இப்போது ஒரே இருபது மீட்டர் செட். அடாப்டரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் போர்ச் கூரைக்குக் கீழே, வெளியே போவது இணைப்பில்லாத விளக்குக் கயிறு மட்டும். அளந்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

வெளியே ஒரு இணைப்பு தவிர்க்கவே முடியாது என்றால், டேப்பை நம்பாதீர்கள். கறுப்பு டேப் வயரின் செம்பைக் கை படாமல் மறைக்கத்தான், தண்ணீரைத் தடுக்க இல்லை. வெயிலில் அதன் பசை இளகி ஓரம் தூக்கும். மழையில் அந்த ஓரத்து இடைவெளி தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுக்கும், வெளியே விடாது. மேலே பிளாஸ்டிக் பை கட்டினால் அது பாத்திரம் மாதிரி தண்ணீரைத் தாங்கி வைத்திருக்கும். நான் செய்தது இரண்டையும்.

கடையில் ரப்பர் வளையத்தோடு மூடும் பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கும், ஐபி 54 அல்லது அதற்கு மேல் என்று பார்த்து வாங்குங்கள், நான் 25 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். பிளக்கும் சாக்கெட்டும் சேர்ந்து உள்ளே அடங்க வேண்டும். வயர்கள் நுழையும் பக்கம் கீழே பார்த்து இருக்கும்படி சுவரில் மாட்டுங்கள். தரையில் வைக்காதீர்கள், பூச்சட்டி மறைவில் வைக்காதீர்கள், கூரைத் தண்ணீர் விழும் குழாய்க்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

அடுத்தது சொட்டு வளைவு. இது எனக்கு யாரும் சொல்லித்தராத விஷயம். மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே நகரும். வயர் மேலிருந்து நேராகச் சரிந்து சாக்கெட்டுக்குள் போனால் தண்ணீரும் கூடவே போகும். அதனால் வயரைப் பெட்டிக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, பிறகு மேலே திருப்பி உள்ளே நுழையுங்கள். தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் வந்து சொட்டிவிடும், ஏறாது. மழை பெய்யும்போது நின்று பாருங்கள், அடியில் சொட்டுச் சொட்டாக விழுவது கண்ணுக்கே தெரியும்.

கட்டுவதற்குக் கம்பி, ஆணி, ஸ்டேப்பிள் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் டை போதும், அதையும் வயர் நசுங்கும்படி இறுக்காதீர்கள். கேட் திறந்து மூடும் கீல் பக்கமும் தானியங்கி கேட்டின் கை பக்கமும் வயர் போகக் கூடாது. எங்கள் கேட்டில் சுருக்கென்றதற்குக் காரணம் கடைசியில் அதுதான்: கீலில் நசுங்கிய வயர், ஒரு அரிசி அளவு செம்பு வெளியே.

6. எப்போது கட்டுவது

தீபாவளிக் காலம் பினாங்கில் மழைக்காலத்தோடுதான் வரும், செப்டம்பரும் அக்டோபரும் இங்கே நல்ல மழை. பத்து நாளுக்கு முன் வீட்டுக்குள்ளேயே தரையில் பரப்பி ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். ஏழு நாளுக்கு முன், காலை வெயிலில், பிளக் செருகாமல் கட்டுங்கள். முதல் மழை ஒன்று பெய்து முடியட்டும், கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று அப்போதுதான் தெரியும். அதைப் பார்த்து இடம் மாற்றிய பிறகுதான் மின்சாரம். இடி கேட்டால் பிளக்கையே உருவுங்கள். படுக்கப் போகும்போதும் அப்படியே. மறந்துவிடுகிற வீடு என்றால் 20 ரிங்கிட் டைமர் ஒன்று வாங்கிப் போர்ச்சுக்குள் மாட்டுங்கள்.

7. மழையில் சுவிட்ச் விழுந்துவிட்டால்

வெறும் காலோடு கேட் பக்கம் ஓடாதீர்கள். கேட்டையும் தொடாதீர்கள். முதலில் வீட்டுக்குள் நின்றபடி, வெளியே போகும் பாயின்ட்டின் சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, உருவ வேண்டும். பாயின்ட்டே வெளியே நனைந்திருந்தால் அதைத் தொடாமல் டிபி பாக்ஸில் மெயினை இறக்கிவையுங்கள். பிளக்கை உருவிய பிறகு டிபி பாக்ஸில் தூக்குங்கள். நின்றால் கோளாறு வெளியேதான். அன்றைக்கு இரவு விளக்கு வேண்டாம். மழை நின்றதும் திரும்பச் செருகிப் பார்க்கும் ஆசை வரும், உள்ளே தேங்கிய தண்ணீர் மழையோடு நிற்காது. மறுநாள் இணைப்புகளைத் திறந்து வெயிலில் காயவையுங்கள். பச்சை பூத்த செம்பு, கருகிய பிளக் கால் தெரிந்தால் அந்த செட் குப்பைக்கு.

வெளிப் பிளக்கை உருவியும் நிற்கவில்லை என்றால் வீட்டுக்குள் வேறு கோளாறு, வயர்மேன்தான். சுவிட்சை டேப் போட்டு நிறுத்திப் பிடிப்பதோ, ஆர்சிசிபியைத் தாண்டி வயர் போடச் சொல்வதோ கூடாது. எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் உண்மையிலேயே செய்திருந்தார்கள். தெருவே இருட்டாக இருந்தால் அது டிஎன்பி பக்கம், 15454க்கு அழையுங்கள். புகையோ தீயோ என்றால் மெயினை இறக்கிவிட்டு வெளியேறி 999. எரிகிற வயரில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

யாராவது "கேட்டைத் தொட்டா சுருக்குன்னுது" என்றால் அது குழந்தையாக இருந்தாலும் அந்த நிமிஷமே பிளக்கை உருவுங்கள். டெஸ்ட்டர் வைத்துப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.